ஒன்பதாம் அத்தியாயத்தின் ஓரக்குறிப்பு

அன்று மாலை அந்த மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர், நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். கட்டிலில் அவருடைய மனைவி. அவர்களுடைய மகள். மகளின் கணவர். பிறர் எழுத்தை வீட்டிலிருந்தே செம்மைப்படுத்திக் கொடுக்கும் எடிட்டர். அவளுக்குத் துணையாக வந்த அவளுடைய பெரியப்பா. இந்த ஆறு பேர்தான். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எடிட்டர் பிறந்த குடும்பத்தில் எழுதிவைத்த சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பெரியப்பா முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். சாட்சி சொன்னது எதுவோ அதைத்தான் அடிப்பார். வக்கீல் கண்ணைக் காட்டினாலும், நீதிபதியே முகத்தைச் சுளித்தாலும், ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அந்த வீட்டுப் பெண்ணான எடிட்டர் இருபத்திரண்டு வருடமாகப் பிறருடைய கைப்பிரதிகளைத் திருத்தி வந்தாள். அவள் பெயர் ஒரு புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் இருந்தால் தேதி தப்பாது, ஊர் தப்பாது, மூன்றாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த தழும்பு எட்டாம் அத்தியாயத்தில் வலது கைக்குப் போகாது என்று அச்சகத்தாரே சொல்வார்கள். வீட்டிலும் அச்சகத்திலும் அவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். அதில் கேலியும் இருந்தது, பெருமையும் இருந்தது.

மருந்துக்கடைக்காரர் தம் குடும்ப வரலாற்றை எழுதிச் சொந்தமாக அச்சிடுவதற்காக அவளைத் தேடி வந்தார். நூற்றெண்பது பக்கம். வாக்கியங்கள் எல்லாம் மருந்துச் சீட்டு போலவே இருந்தன.

“கல்யாணத்தப் பத்தி எழுதியிருக்காரு பாரு,” என்று பெரியப்பா முதல் நாளே சிரித்தார். “சாப்பாட்டுக்குப் பின், ரெண்டு வேளைன்னு முடிக்காத குறைதான்.”

“சும்மா இருங்க பெரியப்பா. மனுசன் உண்மையா எழுதியிருக்காரு.”

“உண்மையா எழுதினா போதுமா? படிக்கிறவனுக்கு மூச்சு முட்டுதே.”

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பிரதியை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வாள். யார், எந்தத் தேதியில், எங்கே இருந்தார், என்ன வயது என்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே போவாள். நினைவிலிருந்து எழுதுகிறவர்கள் ஒருவரே ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருப்பதாக எழுதிவிடுவது சாதாரணம். அந்தக் கட்டங்கள் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தப் பிரதியில் அவளைத் தொந்தரவு செய்தது வேறொன்று. ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. நாலாம் அத்தியாயத்தில் மகனைப் பற்றிச் சொல்லும்போது முதலில் வருகிறது. பத்தொன்பது வயது. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு காலையில் வீட்டை விட்டுப் போனவன், ஆகஸ்ட் பதினேழாம் தேதி மாலை மழையில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கவில்லை. அவன் இறங்கிப் போய்விடுகிறான். பெரிய சாலையில் ஒரு லாரி. அங்கே அந்த வாக்கியம்: ‘அன்று கதவைச் சாத்தியது நான்தான்.’ பிறகு கடையைப் பற்றி எழுதும்போதும், மகள் கல்யாணத்தைப் பற்றி எழுதும்போதும், தமக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்ததை எழுதும்போதும், தொடர்பே இல்லாத இடங்களில் அதே வாக்கியம், ஒரு புள்ளிகூட மாறாமல். மொத்தம் பதினான்கு தடவை.

ஒன்றை விட்டுவிட்டு மற்றப் பதின்மூன்றையும் அவள் அடித்து நீக்கினாள்.

திருத்தி முடித்ததும் வழக்கம்போல் ஒப்பு பார்த்தார்கள். அவள் திருத்திய பிரதியை உரக்கப் படிப்பாள். பெரியப்பா மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்து வருவார். எங்காவது சொல் விடுபட்டிருந்தால், மூலத்தில் இருப்பதை அவர் சொல்ல வேண்டும். அவள் ‘தெரிந்துதான் எடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். அதனால் பதின்மூன்று இடங்களிலும் அவள் நிறுத்தாமல் தாண்டிப் போகும்போது, பெரியப்பா குறுக்கிட்டார்.

“அன்று கதவைச் சாத்தியது நான்தான்.”

“தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

இரண்டு பக்கம் கழித்து மறுபடி. “அன்று கதவைச் சாத்தியது நான்தான்.”

“தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அது பெரியப்பாவின் குரல்போல இல்லை என்று அவளுக்குப் பட்டது. யாரோ ஒருவர் பிடிவாதமாக, களைத்துப்போய், கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பெரியப்பா?”

“ஒண்ணுமில்ல. இந்த வரியச் சொல்லும்போதெல்லாம் யாரோ கவனிச்சுக் கேக்கற மாதிரி இருக்கு. நீ படி.”

அன்று ஒன்பதாம் அத்தியாயத்தைத் தாண்டும்போது குறிப்பேடு காட்டிக் கொடுத்தது. கடையைப் பற்றிய அத்தியாயம் அது. ஒரு வருடம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி மருந்து ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது வரை ஒவ்வொரு அலமாரியாகச் சரக்கு இருப்பைப் பார்த்தார். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தாம் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டதாக மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார். பெருமையாகவே எழுதியிருந்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லையாம். மகன் வந்து கதவைத் தட்டிய அதே வருடம், அதே தேதி.

எந்த எடிட்டரும் செய்வதைத்தான் அவள் செய்தாள். அந்தத் தேதியைக் குறியிட்டு ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினாள்: ‘அன்று மாலை நீங்கள் கடையில் இருந்ததாக இங்கே வருகிறது. அப்படியானால் வீட்டில் கதவைச் சாத்தியது யார்? சரிபார்க்கவும்.’

பிரதியை அனுப்பினாள். பத்து நாள் சத்தமே இல்லை. பதினோராம் நாள் பதில் வந்தது.

‘எல்லாத் திருத்தங்களையும் நிராகரித்துவிட்டேன். ஓர் எழுத்தும் மாறக் கூடாது. நான் எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எத்தனை தடவை அழித்தாலும் திரும்ப வருகிறது.’

கோப்பைத் திறந்து பார்த்தாள். ஆயிரத்துச் சொச்சம் திருத்தங்கள் செய்திருந்தாள். எழுத்துப்பிழை, விடுபட்ட துணைக்கால், இரண்டு தடவை வந்த பெயர், எதையும் அவர் ஏற்கவில்லை. ‘மருத்துவமணை’கூட அப்படியே திரும்பி வந்திருந்தது.

“திமிரு,” என்றார் பெரியப்பா. “பேசாம பேர எடுத்துக்க. உன் பேரு அதுல இருக்க வேணாம்.”

அவளுக்கும் முகத்தில் அடித்தாற்போலத்தான் இருந்தது. ஆனாலும் மரியாதை குறையாமல் பதில் எழுதினாள். புத்தகம் உங்களுடையது, கடைசிச் சொல்லும் உங்களுடையதுதான், மூல வாசகம் அப்படியே வைக்கப்படும், ஆனால் நான் திருத்தாத பிரதியில் என் பெயர் இருப்பது முறையல்ல, உரிமைப் பக்கத்திலிருந்து அதை நீக்கிவிடுங்கள், தேதி முரண் ஒன்றை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். நாலு வரி. அனுப்பிய அரைமணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. மருந்துக்கடைக்காரரின் மகள்.

“மேடம், நீங்க ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போக முடியுமா? அம்மா உங்களத்தான் கேக்கறாங்க. நிறுத்தாம கேக்கறாங்க.”

எடிட்டரின் குடும்பத்துப் பெண்கள் அறிமுகமில்லாத வீட்டுக்குத் தனியே போவதில்லை. அதனால் பெரியப்பாவும் கிளம்பினார்.

மூன்று மாடி ஏறினார்கள். படிக்கட்டில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு பொத்தான். அமுக்கினால் அந்தத் தளத்து விளக்கு இரண்டு நிமிடம் எரிந்து தானாக அணையும். ஜன்னல் இல்லாத படிக்கட்டு. பகலிலும் அது இல்லாமல் கால் வைக்க முடியாது.

முன்னறையில் கட்டிலை வாசல் கதவைப் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். கட்டிலில் இருந்த அம்மாள் ஒரு பக்கம் விழுந்துபோனவர். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. பக்கத்து முக்காலியில் அச்செடுத்த தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன.

“எல்லாம் என்னாலதான்,” என்றாள் மகள் மெதுவாக. “அப்பா எழுதினத தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு நான் படிச்சுக் காட்டுவேன். அந்த வரி வரும்போதெல்லாம் அம்மா கண்ண மூடிக்குவாங்க. அதக் கேட்டாதான் தூக்கமே வரும். நீங்க அனுப்பினத இவரு அப்படியே பிரிண்ட் எடுத்துட்டு வந்தாரு. ஓரத்துல இருந்ததும் அப்பா எழுதினதுதான்னு நெனச்சு, சேத்துப் படிச்சுட்டேன்.”

எடிட்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் கேள்விகளை ஓரத்தில் எழுதியிருப்பாள்! எல்லாமே எழுதியவருக்கு மட்டும். இன்னொருவர் காதில் விழும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

“அன்னிக்குச் சாத்தினது இவதாம்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர், எடிட்டரை அடுக்களைப் பக்கம் கூட்டிப்போய், மனைவியின் கட்டிலைக் காட்டி, குரலே எழாமல். “கோவத்துல தொறக்கல. வேற ஒண்ணுமில்ல, ஒரு கோவம். அப்புறம் நாலு வருசம் தூங்கல. கதவு தட்டுது, கதவு தட்டுதுன்னு எந்திரிச்சு ஓடுவா. இந்தப் பக்கவாதம் வந்து ஞாபகம் கொஞ்சம் கொழம்பினப்ப, நான் தைரியமா சொன்னேன். நீ இல்ல, நான்தான் சாத்தினேன்னு. சொல்லிச் சொல்லி நம்ப வெச்சேன். பதினோரு வருசம் தட்டற சத்தம் இல்ல. அதுக்காகத்தான் புஸ்தகமே. நான் போயிட்டாலும் யாராவது படிச்சுக் காட்டணும்ல?”

“ஒம்பதாம் அத்தியாயத்துல தேதி போட்டுட்டீங்களே சார்.”

“பதிவேட்டத் தேதியில்லாம எழுதிப் பழக்கமில்லம்மா,” என்றார் அவர். அழுதுவிடுவார்போல இருந்தது.

மாப்பிள்ளை தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். “மாமா எல்லாத்தையும் நிராகரிச்சாரு மேடம். மறுபடி பிரிண்ட் எடுத்தேன். அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நிக்குது. மூணு தடவ எடுத்தேன். மூணு தடவயும் இருக்கு.”

“அதுல மந்திரம் ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் அவள். மாற்றங்களை நிராகரித்தால் திருத்தங்கள் போகும், ஓரக்குறிப்பு போகாது. அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். அவருடைய மடிக்கணினியை வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினாள். மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

“அழிச்சுட்டாளா?” என்றது கட்டிலிலிருந்து குரல். “காதுல விழுந்தத எப்படி அழிப்பா?”

பிறகு அந்த அம்மாள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். “அன்று மாலை நீங்கள் கடையில் இருந்ததாக இங்கே வருகிறது. அப்படியானால் வீட்டில் கதவைச் சாத்தியது யார்? சரிபார்க்கவும்.” எடிட்டர் எழுதிய அதே நடை. இதுவரை அவள் வாயைத் திறந்து அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கேட்டது அவளுடைய குரல். பெரியப்பா திரும்பி அவளைப் பார்த்தார், அவள்தான் பேசினாளோ என்று.

அப்போது கதவு தட்டப்பட்டது.

பலமாக இல்லை. தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் தட்டுவதுபோல, உள்ளே ஆள் இருப்பது தெரிந்து, கொஞ்சம் கூச்சத்தோடு. மூன்று தட்டு. மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“தெனமும் இந்நேரந்தான்,” என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்தபடி. “அந்தக் கேள்வியப் படிச்ச நாளுலேர்ந்து.”

பெரியப்பா இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. முப்பத்தொரு வருடம் பொய்ச்சாட்சிகளைக் கேட்டவர். விறைப்பாக எழுந்துபோய்த் தாழை விலக்கி, கதவைத் திறந்தார்.

வெளியே ஒருவரும் இல்லை. கீழே இறங்கும் காலடி இல்லை. மேல்மாடி ஏறும் காலடி இல்லை. ஆனால் அந்தத் தளத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்து முக்கால்மணி ஆகியிருந்தது. பெரியப்பா அங்கேயே நின்றார். விளக்கு அணைந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்டார்.

“அவன் நனஞ்சுட்டு நிக்கறான்,” என்றார் கட்டிலில் இருந்தவர். வெளியே வெயில் இருந்தது. “ஏம்மா, நீதான கேட்டே? பதிலையும் நீயே சொல்லு. வாயால வேணாம். இவரும் முதல்ல வாயாலதான் சொன்னாரு. நீ எழுத்துல கேட்டே. எழுத்துலயே சொல்லு.”

அறையில் எல்லோரும் எடிட்டரைப் பார்த்தார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, மருந்துக்கடைக்காரருக்கு இரண்டாவது பதிலை எழுத ஆரம்பித்தாள். பெரியப்பா பின்னால் வந்து நின்று வாசித்தார். மூன்றாவது வரியில் அவர் கை அவள் தோளை இறுக்கியது.

“அம்மாடி, என்ன பண்றே? தெரிஞ்சுதான் அடிக்கிறியா?”

“தெரிஞ்சுதான் பெரியப்பா.”

“பொய்யில கையெழுத்துப் போடறே. நம்ம வீட்டுல யாரும் போட்டதில்ல.”

“நீங்க போட்டதில்ல. சாட்சி சொன்னத அடிச்சீங்க. உங்களுக்கு அது போதும். எனக்கு இங்க ஒருத்தங்க உயிரோட படுத்திருக்காங்க.”

“எழுத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டா அது போகாது. நாளைக்கு உன்னப் பத்தி அச்சகத்துக்காரன் என்ன பேசுவான் தெரியுமா? கத்தரிக்குத் துரு புடிச்சிருச்சும்பான்.”

“சொல்லட்டும்.”

அந்த வீட்டு அச்சுப்பொறியிலேயே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்தாள். மகள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள்.

‘ஐயா, வணக்கம். உங்கள் பிரதியில் நான் செய்த திருத்தங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் எழுதிய சொற்கள் எழுதியபடியே இருக்கட்டும். ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் கேட்ட கேள்வி என் பிழை. என் குறிப்பேட்டில் தேதியைத் தவறாகக் குறித்துவிட்டேன். ஆய்வாளர் வந்தது வேறொரு நாள். ஆகஸ்ட் பதினேழாம் தேதி மாலை நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். அன்று கதவைச் சாத்தியது நீங்கள்தான். மீண்டும் சரிபார்த்தேன். இதில் ஐயம் இல்லை.’

கடைசியில் அவளுடைய முழுப்பெயரை மகள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

கட்டிலில் இருந்தவர் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். மை காயாத கையெழுத்து விரலில் ஒட்டியது.

“அப்ப நான் இல்ல.”

“இல்லம்மா,” என்றாள் எடிட்டர். “கேள்வியே தப்பு.”

கதவு மறுபடி தட்டப்பட்டது. மூன்று தட்டு. இந்தத் தடவை ஒருவரும் அசையவில்லை. அம்மாள் மட்டும் புருஷன் பக்கம் திரும்பி, வெகுநாள் அடக்கிவைத்த எரிச்சலோடு சொன்னார்:

“என்ன பாத்துட்டு நிக்கறீங்க? சாத்தினது நீங்கதானே? நீங்களே போய்த் தொறங்க.”

மருந்துக்கடைக்காரர் போனார். கதவை அகலத் திறந்தார். படிக்கட்டில் விளக்கு எரிந்தது. பெரியப்பாவைப்போல எட்டிப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக ஒதுங்கி நின்றார், ஒருவர் உள்ளே வர இடம் விடுகிறவரைப்போல. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். முக்காலிமேல் இருந்த தாள்களில் மேலே இருந்த ஒன்று அசைந்து அடங்கியது. எடிட்டருக்கு ஈரத்துணியின் வாசனை வந்தது; இல்லை என்று அவள் பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் கதவை மெல்லச் சாத்தி, தாழ் போடாமல் வந்தார்.

அவர் மனைவி தூங்கிவிட்டிருந்தார்.

பெரியப்பா வீடு வரும்வரை அவளிடம் பேசவில்லை. அதன்பிறகும் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அடுத்த பிரதியை அவரே எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “படி” என்றார்.

அதன்பின் அந்த அம்மாள் இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். தினமும் தூங்கினார் என்று மகள் சொன்னாள். கதவை யாரும் தட்டவில்லை. புத்தகம் ஓர் எழுத்தும் மாறாமல் வந்தது, ‘மருத்துவமணை’யோடும் பதினான்கு ‘நான்தான்’களோடும். கடைசிப் பக்கத்தில் எடிட்டரின் பதிலையும் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். அதையும் சேர்க்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் சொல்லாம். மருந்துக்கடைக்காரரும் மறு வருடம் போய்விட்டார். அந்தக் கடைசிப் பக்கத்தின் படம் எடிட்டர்கள், பதிப்பகத்தார் கைகளில் சுற்றியது. அவளுக்கு வந்துகொண்டிருந்த பிரதிகள் குறைந்தன. அவள் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் ‘எழுதியிருக்கிறதே’ என்று மட்டும் சொன்னாள்.

இப்போது விஷயத்தைச் சொன்னால் மனம் புண்பட அந்த வீட்டில் யாரும் இல்லை. மகளின் சம்மதமும் கேட்டாகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக எடிட்டர் ஒரு தேதியில் பிழை செய்தாள், அதைத் தன் கையாலேயே ஒப்புக்கொண்டாள் என்று சொல்லித் திரிகிறார்கள்.

அவள் பிழை செய்யவில்லை.